சொந்தக்கார ரேட்டு

— பாதி வெலையா? யாரைக் கேட்டு பாதி வெலைன்னு வாய வுட்டுட்டு வந்த?

— மெதுவா பேசுட்டி. தெரு பூரா கேக்கும். மகன் ஜெரின் கல்யாணத்துக்கு கேக்கு வேணும்னு எங்கண்ணன் வாயத் தொறந்து கேக்காவ. கூடப்பொறந்தவ நான் என்ன மாட்டேன்னா சொல்ல முடியும்?

— கேட்டது மாமா. செய்யப்போறது நானு. நடுவுல நீ யாரு, புரோக்கரா?

— நான் ஒங்கம்மா. அந்த நெனப்பாவது இருக்கா?

— கீது, கீது. அந்த திராட்சைல காம்ப ஒழுங்கா கிள்ளு. போன தபா பல்லுல மாட்டிக்கிச்சின்னு ஒரு அம்மா ஆள் அனுப்பி சொல்லிச்சு.

— கிள்ளிக்கிட்டுத்தான இருக்கேன். வந்ததுலருந்து இந்தத் தட்டுக்கு முன்னால குத்த வச்சிருக்கேன், முட்டி ரெண்டும் கடுக்கு. இந்தத் திராட்சைய ஊறப் போடணும், முந்திரிய நறுக்கணும், பொறவு கேக்கு வேகுத தகரத்துக்கெல்லாம் பேப்பர் வெட்டணும். எனக்கு என்ன, வேல இல்லாமலா ஒங்கிட்ட வாய் குடுக்கேன்?

— வேலைய பத்தி அப்பால பேசு. இப்ப இத்த சொல்லு. மாமா கேட்டாரா, நீயா போய் நீட்டினியா?

— கேட்டாவ. தங்கச்சி, ஒம்மக கேக்கு நல்லாருக்குன்னு மைனி சொல்லுதா, பத்து கிலோ, மூணு அடுக்கு, மேல வெள்ளையா பூ வச்சிரணும், கொஞ்சம் பாத்துப் போடச் சொல்லுன்னாவ.

— கொஞ்சம் பாத்துப் போடு. அதானே பாத்தேன். நம்ம சொந்தக்காரங்க வாய்ல ஏசுப்பான்னு வருதோ இல்லியோ, கொஞ்சம் பாத்துப் போடுன்னு மட்டும் டாண்னு வந்துரும்.

— ஆமா, அதுக்கு நான் பாதிக்குப் பாதி பண்ணிரலாம்னு சொல்லிட்டேன். எம் மைனி, ஒம் மாமி, பக்கத்துல நின்னா, அவ அக்கா நின்னா. அவ்ளோ பேருக்கு முன்னால நான் பின்ன என்னத்த சொல்ல?

— மகளக் கேட்டு சொல்றேன்னு சொல்லணும். இன்னா கஷ்டம் அதுல?

— மகளக் கேக்கணுமா? எங்கண்ணனுக்கு ஒரு கேக்கு குடுக்க நான் ஒங்கிட்ட மனு போடணுமா? நல்லா இருக்குட்டி, ரொம்ப நல்லா இருக்கு.

— ஒரு கேக்கு இல்ல, பத்து கிலோ. காதக் குட்த்து கேளு, ஒரு தபா தான் சொல்வேன். கிலோ நூத்தி எம்பது. பத்து கிலோ ஆயிரத்தி எட்நூறு. பாதின்னா தொள்ளாயிரம். சரியா?

— சரி.

— வெண்ண, மைதா, சக்கர, முட்ட, முந்திரி, திராட்ச, மேல பூசுற ஐசிங்கு, சாமான் மட்டும் எட்நூத்தி எழுவது. இதுல வெண்ணயே பாதி தின்னுரும். அப்பால கேஸு, அட்டப் பலக, டப்பா, நூத்தி நாப்பது. கூட்டு.

— ஆயிரத்திப் பத்து.

— மாமா குடுக்கறது?

— தொள்ளாயிரம்.

— அப்ப மாமா மவன் கல்யாணத்துல ஊரே கேக்கு துன்றதுக்கு என் கைலேந்து நூத்திப் பத்து ரூபா அழுவணும். ரெண்டு நாளு நின்னு வேலயும் செஞ்சிட்டு, துட்டும் நானே குடுக்கணும். இதுக்கு பேரு பாதி வெலையா? என்னிய புட்ச்சி வித்துட்டு வந்துகிற நீ.

— எல்லாத்தையும் ரூவாய்லயே பாக்காத. வெண்ணயக் கொறச்சு டால்டாவக் கூட்டேன். யாருக்குத் தெரியப்போவுது?

— தோ பாரு, இத்தான் அடுத்த கட்டம். பாதி வெல வாங்கு, டால்டா ஊத்து. நாளைக்கி மண்டபத்துல நானூறு பேரு துன்னுட்டு இன்னா சொல்வான்? ஷெர்லின் கேக்கு வாயில ஒட்டுதுன்னுவான். மாமா பாதி வெலதான் குட்த்தாருன்னு அவன் கைல யாரு சொல்லுவா? கேக்குக்கு மேல எழுதி வெக்கவா?

— ஏட்டி, ஒழுங்கா தமிழ் பேசு. வாயத் தொறந்தா கீது, தோ, துன்றது. திருவொத்தியூர் லாரிக்காரன் மாதிரியே பேசுத.

— திருவொத்தியூர்ல பெத்துட்டு உன் ஊரு நாசரேத்து பாஷ பேசச் சொன்னா எப்டி? பேச்ச மாத்தாத.

— நான் ஒண்ணும் மாத்தல. சொந்தத்துல கணக்குப் பாத்தா சொந்தம் நிக்காது. அது மட்டும் எனக்குத் தெரியும்.

— கணக்கு பாக்காம போனா நான் நிக்க மாட்டேன். இன்னும் சொல்றேன் கேளு. மீஞ்சூர்லேந்து ஒரு பார்ட்டி வந்துச்சில்ல நேத்து? அதே தேதிக்கு அவங்களுக்கும் பத்து கிலோ வேணும். முழு ரேட்டு, பாதி அட்வான்ஸு. சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். நம்ம ஓவன்ல ஒரு நாளைக்கு பத்து கிலோவுக்கு மேல ஏறாது, உனுக்கே தெரியும். மாமாக்கு செஞ்சா மீஞ்சூரு போச்சு. அப்ப நஷ்டம் நூத்திப் பத்தோட நிக்கிதா?

— ரெண்டையும் செஞ்சா என்ன? ராத்திரி முழிச்சா முடிஞ்சிட்டு போவுது.

— முழிச்சி செஞ்சி, ஓவன் சூடு ஏறதுக்கு முன்னாடி உள்ள தள்ளி, நடுவுல கலீஜா குழிஞ்சி வெளிய வரும். ரோட்ல கன்டெய்னர் லாரி போனாலே வூடு ஆடுது, அதுக்கே பாதி கேக்கு உக்காந்துருது. இதுல அவசரம் வேற. அம்மா, இது உப்புமா இல்ல, கிண்டிகினே இருந்தா வெந்துரும்னு.

— நீ ஒண்ணு சொல்லு. போன மாசம் அன்புக்கரசி மகன் பாஸானதுக்கு சும்மாவே ஒரு கிலோ கேக்கு தூக்கிக் குடுத்தல்லா? அப்ப எங்க போச்சு இந்தக் கணக்கு? பக்கத்து வீட்டுக்காரிக்கு ஓசி, தாய்மாமனுக்கு பில்லா? இத ஊரு கேட்டா சிரிக்காதா?

— அன்புக்கரசி அக்கா என்னிக்காச்சும் கேட்டுச்சா? மூணு வருஷமா பொறந்தநாளுக்கு முழு வெல குட்த்து வாங்குது. ஒரு நாளும் பாத்துப் போடுன்னு சொன்னதில்ல. அந்தப் பையனுக்கு நான் குட்த்தது என் இஷ்டம். நான் குடுக்கறது வேற, அவங்க புடுங்கறது வேற. குடுத்தா எனக்கு நல்லா கீது. புடுங்கினா வயிறு எரியுது. புர்தா?

— வயிறு எரியுதாம். முப்பிடாதி சித்தி அன்னைக்கு ரெண்டு கிலோ கேக்கு வாங்க வந்தப்ப மூஞ்சில அடிச்ச மாதிரி பில்ல நீட்டுன. அவ வண்ணாரப்பேட்ட பூரா சொல்லிட்டா. ஷெர்லினுக்கு எண்ணெய்ல பொறிச்ச மனசு, அம்மைகிட்டயே பில்லு போடுவான்னு.

— சித்தி சொன்னது முழுசா சொல்லு. பில்லுக்கு முன்னாடி இன்னா சொல்லிச்சு? உப்பு தூக்கலா கீது, சக்கர கம்மியா கீது, டப்பா நசுங்கிகினு கீதுன்னு. முழு துட்டு குடுக்கறவன் வாங்கினா வாயத் தொறக்காம போறான். கம்மி துட்டு குடுக்கறவன்தான் கேக்க மோந்து மோந்து பாக்கறான். இத்த நான் மூணு வருஷமா பாத்துகினு கீறேன். கொறச்சி குட்த்தா பொருள் மேல மரியாத போயிடுது. செஞ்சவ மேலயும்தான்.

— எல்லாரும் அப்படியா?

— ஷாலு எப்டி? இஸ்கூல்லேந்து தோஸ்து. ஒரே தட்டுல துன்னவ. அவ பொறந்தநாளுக்கு கிலோ நூத்தி இருவதுன்னு போட்டேன், தோஸ்தாச்சேன்னு. சும்மா வாங்கிகினு போனாளா? ஆபீஸ்ல போய் பெருமையா சொல்லிகினா, என் பிரெண்டு நூத்தி இருவதுக்கு செய்றான்னு. அடுத்த வாரம் அந்த ஆபீஸ்லேந்து நாலு பேரு வந்தாங்க. நூத்தி எம்பதுன்னேன். இன்னாம்மா, ஷாலுக்கு ஒண்ணு எங்களுக்கு ஒண்ணா, ஏமாத்தறியான்னு கேட்டாங்க. அவங்கள சொல்லி இன்னா குத்தம்? ஒருத்திக்கி கொறச்சா அதுதான் ரேட்டு. மத்தவனுக்கு சொல்றது திருட்டு ரேட்டுன்னு ஆயிடுது. நாலும் போச்சி. ஷாலுவும் போச்சி.

— அவ எப்படி போனா?

— அடுத்த தபா முழு ரேட்டு சொன்னேன். துட்டு வந்ததும் மாறிட்டன்னு சொல்லிட்டு போயிட்டா. எனக்கு எங்க துட்டு வந்துச்சி, தேடிகினு கீறேன்.

— நல்லா தேடு. ஆனா ஷாலு வேற, எங்கண்ணன் தங்கப்பாண்டி வேற. நாங்க ஊருலருந்து ஒரு பெட்டியோட வந்து எறங்குனப்ப, மொத மொதல்ல சோறு போட்டது அவிய வீட்டுலதான், பாத்துக்க. அந்த நன்றி இல்லன்னா மனுச ஜென்மமா?

— சோறு போட்டாரு. அந்த நன்றிக்குத்தான் வருஷா வருஷம் கிறிஸ்மஸ் துணி மாமா கடைலயே எடுக்கறோம். அத்த பத்தி பேசலாமா?

— அதுக்கென்ன?

— போன வருஷம் எனக்கு ஒரு சுரிதார் செட்டு, முந்நூத்தி அறுவது. சொந்தக்கார ரேட்டுன்னு சொல்லி மாமி சிரிச்சிகினே மடிச்சி குட்த்தாங்க. அதே செட்டு, அதே கலரு, நாலு கட தள்ளி லியாகத் அலி பாய் கடைல முந்நூத்தி இருவது தொங்குது. நான் நின்னு பாத்தேன். அந்தக் கடைல பேரம் பேசினா இன்னும் இருவது கொறைஞ்சிருக்கும். மாமா கடைல பேரம் பேச முடியுமா? சொந்தமாச்சே, வாய மூடிகினு துட்ட வெக்கணும். சொந்தம்னா அவருக்கு மேல ஏத்தறது, எனக்கு கீழ எறக்கறது. எந்த ஊரு நியாயம் இது?

— அது வேற துணியா இருக்கும்.

— நூல எண்ணினேன்மா.

— சவம், நீ எண்ணுவ. எண்ணிக்கிட்டேதான் இருப்ப.

— எண்ணாம சும்மா இருந்தா, தவணைக்கு வாங்கின ஓவன உசேன் பாய் வந்து தூக்கிகினு போவாரு. அப்ப மாமா வந்து தடுப்பாரா?

— சரி, இத இப்படி வச்சிக்கிடுவோம். கேக்கு நம்ம மொய்யி. பில்லும் வேண்டாம், மொய்யும் வேண்டாம். ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் போச்சு. எப்படி என் யோசன?

— மண்ணாங்கட்டி யோசன.

— ஏன்?

— மொய் எழுதறவரு மைக்குல இன்னா சொல்வாரு? திருவொத்தியூர் இன்னார் ஐநூத்தி ஒண்ணு, எண்ணூர் இன்னார் முந்நூத்தி ஒண்ணுன்னு. கேக்க மைக்குல சொல்வாரா? நம்ம பேரு வருமா? வராது. மொய் நோட்டுல நாம இல்ல. நாளைக்கி எனக்கு கல்யாணம்னு ஒண்ணு வந்தா, மாமி அந்த நோட்டத் தொறந்து பாப்பாங்க. நம்ம பேர்ல ஒண்ணும் இல்ல. சரி, ஒரு எவர்சில்வர் டப்பா குட்த்தா போதும்னு வருவாங்க. மொய்யா வெச்சா திரும்பி வரும். தள்ளுபடியா குட்த்தா அது கெணத்துல போட்ட கல்லு. அதனாலதான் சொல்றேன், மாமாகிட்ட முழு வெல வாங்குவேன். மண்டபத்துல போய் ஆயிரத்தி ஒண்ணு மொய் எழுதுவேன். மைக்குல சத்தமா சொல்லச் சொல்லுவேன். துட்டு அதே துட்டுதான், ஆனா பேரு நம்ம பேரு.

— நீ என்ன, மாமனுக்கு மேல மாமனா வந்துட்டியேட்டி.

— அவர் கைலதான் கத்துகினேன். வியாபாரத்துல சொந்தம் பாக்காதன்னு அவர்தானே எப்பவும் சொல்வாரு. அதுவும் எப்ப? நீ மாமா கடைல நின்னுகினு இருந்தியே, அப்ப.

— ஆமா, நின்னேன். அதுக்கு இப்ப என்ன?

— எத்தினி வருஷம்?

— நீ பொறந்து ரெண்டு வயசுலருந்து பள்ளிக்கூடம் நாலாப்பு போற வரைக்கும். ஏழு வருசம். சேல மடிக்கது, பீரோல அடுக்கது, கல்லாவப் பாக்கது. ஒன்ன ஒரு சேலக்கட்டு மேல ஒறங்கப் போட்டுட்டு நிப்பேன். கிறிஸ்மஸ் நேரத்துல ராத்திரி பதினொண்ணு ஆயிரும். ஒங்கப்பா மணலி கம்பெனியில ஷிப்டு முடிஞ்சு வந்து கூட்டிட்டுப் போவாவ.

— சம்பளம் எவ்ளோ?

— சம்பளமா? என்னட்டி கேக்க? அண்ணன் கட. தங்கச்சிக்கு யாராவது சம்பளம் எழுதுவாவளா?

— ஒண்ணுமே குடுக்கலியா? ஏழு வருஷமா?

— குடுக்காம என்ன. கிறிஸ்மஸுக்கு ஒரு சேல குடுப்பாவ. மத்தியானம் சாப்பாடு வீட்டுலருந்து வரும்லா, அதுல எனக்கும் ஒரு பங்கு.

— கடைல வேல செஞ்ச மத்த பொண்ணுங்களுக்கு?

— அவளுவளுக்கு மாசம் பொறந்தா சம்பளம். அவளுவ வெளியாளு.

— கேட்டியா? வெளியாளுக்கு சம்பளம், சொந்தக்காரிக்கு ஒரு சேல. நீ அங்க நின்னப்ப உனுக்குத்தான் சொந்தக்கார ரேட்டு போட்டாரு, தெர்ல? உன் ஏழு வருஷத்த ஓசில வாங்கிட்டாரு. இப்ப என் ரெண்டு நாள பாதி வெலைக்கி கேக்கறாரு. அத்த நீயே தூக்கிகினு வந்து என் கைல குடுக்கற. எனக்கு அவரப் பாத்து கோவம் வர்ல. உன்னப் பாத்துதான் வருது.

— அந்தக் கணக்க மறுபடியும் சொல்லு.

— எந்தக் கணக்கு?

— கேக்கு கணக்கு. ஆயிரத்தி எண்ணூறு. சாமானு, கேஸு, டப்பா எல்லாம் ஆயிரத்திப் பத்து. மிச்சம் எழுநூத்தி தொண்ணூறு எங்க போவுது?

— ஓவன் தவண, ரிப்பேரு, கரண்டு, அதுக்குன்னு நூத்தி அம்பது எடுத்து வெப்பேன். கூலி நானூறு. மிச்சம் எரநூத்தி நாப்பது லாபம். அது வேணும், ஒரு கேக்கு கெட்டுப் போனா அதுலேந்துதான் எடுக்கணும்.

— கூலி நானூறுன்னியே, அது யாரு கூலி?

— என் கூலி. வேற யாரு?

— திராட்ச காம்பு கிள்ளுனது யாரு?

— நீ.

— முந்திரி நறுக்குதது? தகரத்துக்கு பேப்பர் வெட்டி ஒட்டுதது? சக்கரப் பாகு கருக வுடாம அடுப்புக்கிட்ட நின்னு கிண்டுதது? முட்ட ஒடச்சி வெள்ளையும் மஞ்சளும் பிரிச்சி வைக்கது? பொறவு எல்லாத்தையும் புளி போட்டு வெளக்குதது?

— நீதான். யாரு இல்லேன்னா?

— அடிச்சிக் கலக்கி, ஓவன்ல வச்சி, ஐசிங்கு பூசி, பூ வைக்கது நீ. அப்ப இந்தக் கேக்குல எத்தன கையி?

— அம்மா, நீ இன்னா சொல்ல வர்ற?

— எத்தன கைன்னு கேட்டேன்.

— நாலு.

— கூலி எத்தன கைக்கி எடுக்க?

— நம்ம வூட்டு வேலைக்கி நீ இன்னா கூலி கேக்கறியா?

— நம்ம வூட்டு வேல. அண்ணனும் அப்படித்தான் சொன்னான். நம்ம கடைதான தங்கச்சின்னான். வாங்குதவன்கிட்ட நானூறு கூலி வாங்குத. அதுல எங்கூலியும் இருக்கு. அந்த வாங்குதவன் எனக்கு குடுத்துட்டான், பாத்துக்க. நடுவுல அத எடுத்து வச்சிக்கிட்டது நீ.

— இப்டி பேசாதமா. போன கிறிஸ்மஸுக்கு உனுக்கு சேல எடுத்து குட்த்தேன்ல? பட்டு பார்டரு வெச்சது.

— அவனும் அதத்தான் குடுத்தான். மூணு வருசமாட்டி. அங்க ஏழு, இங்க மூணு. ஒனக்கும் ஒம்மாமனுக்கும் இடையில என்ன வித்யாசம், நீயே சொல்லு. அவன் துணி விக்கான், நீ கேக்கு விக்க. அதைத் தவிர வேற வித்யாசம் இருந்தா சொல்லு, கேப்போம்.

— நான் யோசிக்கவே இல்லமா. மெய்யாலுமே. நீன்னா... நீ கூட கீறன்னுதான்...

— அண்ணனும் யோசிச்சிருக்க மாட்டான். யோசிச்சி செய்யிதவன் ஊருல ஒருத்தன் ரெண்டு பேரு இருப்பான். மத்தவன் எல்லாம் சொந்தம்னு சொல்லிட்டு யோசன பண்ணாமத்தான் தின்னுதான்.

— சரி. இப்ப இன்னா பண்ணணும்னு சொல்லு.

— நானூறுல பாதி. எரநூறு எனக்கு. ஒவ்வொரு கேக்குக்கும் இதே கணக்குல.

— எரநூறா? அம்மா, இந்த மாசம் தவண வேற கீது. வூட்டு ஆளுதானே நீ. ஒரு நூறுன்னு வெச்சிக்கலாம். கொஞ்சம் பாத்துப் போடேன்.

— என்ன சொன்ன?

— இல்ல, நான்...

— திரும்பச் சொல்லு. என்ன வார்த்த வந்துச்சி ஒன் வாயில?

— ஒண்ணும் சொல்லல. எரநூறு. முழுசா எரநூறு.

— ஒன் ரெண்டு நாளுக்கு முழு வெல. என் ரெண்டு நாளுக்கு பாத்துப் போடணுமா? நல்ல பாடம் படிச்சிருக்க மாமன்கிட்ட.

— சரிம்மா, வுடு. மூணு வருஷத்துக்கும் சேத்து குடுக்கறேன். கொஞ்சம் கொஞ்சமா.

— அத நான் கேக்கல. கேட்டா பொறவு கேப்பேன். இப்ப அந்தக் கேக்கு. பாதி வெலைன்னா கூலியே இல்லன்னுதான சொன்ன?

— கூலியும் இல்ல, லாபமும் இல்ல, மேல நூத்திப் பத்து நஷ்டம்.

— அப்ப மத்தியானம் மைனிக்கு முன்னால நான் பாதிக்குப் பாதின்னு சொன்னது, என் எரநூற எடுத்து என் கையாலயே அவங்கிட்ட குடுத்துட்டு வந்திருக்கேன்.

— ஆமா.

— நல்ல கூத்து. ஏழு வருசம் நின்னது பத்தாதுன்னு, இன்னும் வீட்டுலருந்து எடுத்துக் குடுத்துட்டு வந்திருக்கேன், பாரு. கைய கழுவிட்டு வாரேன். நீ அந்த போன எடு.

— மீஞ்சூருக்கா?

— வண்ணாரப்பேட்டைக்கு.

— மாமாக்கா? நீயா பேசப் போற? இன்னா சொல்வ?

— நீ நம்பர போடுட்டி. கண்ணாடி இல்லாம எனக்குத் தெரியாது.

— அடிக்கிது. இந்தா.

— அண்ணே, நான்தான். நல்லாருக்கியளா? மைனி நல்லாருக்காளா? ஆமா, கேக்கு விசயமாத்தான். மத்தியானம் நான் ஒண்ணு தெரியாம சொல்லிட்டேன். பாதி வெலைக்கி ஆவாது.

— ...

— இல்ல, இல்ல, மகளுக்கு கோவமெல்லாம் இல்ல. ஆயிரத்தி எண்ணூறு, பத்து கிலோவுக்கு. பாதி இப்ப அட்வான்சு, மீதி எடுக்கும்போது. இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லிரணும். மீஞ்சூருல ஒருத்தன் அதே தேதிக்கு முழு வெலைக்கி காத்துக்கிட்டு நிக்கான். ஒங்களுக்கு வேண்டாம்னா அவனுக்குப் போவும். ஆமா, கல்யாணத்துக்கு வருவோம். மொய்யும் வைப்போம். அது வேற, இது வேற.

— ...

— சொந்தந்தான் அண்ணே. யாரு இல்லன்னா?

— அம்மா, இன்னா சொல்றாரு?

— நீ சும்மா இரு. ...ஆமாண்ணே. சொந்தக்காரிகிட்ட பில்லு போடுதியான்னு கேக்கியளா?

— ...

— இல்லண்ணே. இது கேக்குக்கு மட்டுந்தான். ஒங்க கடையில நான் நின்ன ஏழு வருசத்துக்கு இன்னும் பில்லு போடல.